ரசீது இல்லை என்று கழிவை மறுக்கும் நோட்டீஸ்: பதிலில் எதை நிரூபிக்க வேண்டும்?

இன்சூரன்ஸ் பிரீமியம், கல்விக்கடன் வட்டி ஆகியவற்றுக்குக் கேட்ட கழிவை, ரசீது தரவில்லை என்ற காரணத்தால் மறுக்கப்போவதாக வருமான வரித்துறை நோட்டீஸ் அனுப்பினால், பெரும்பாலோர் செய்வது இரண்டில் ஒன்று. வீட்டைப் புரட்டி ரசீது தேடுகிறார்கள். கிடைக்கவில்லை என்றால் வரியைக் கட்டிவிட்டு விடுகிறார்கள். இரண்டும் தேவையற்ற அவசரம். வருமான வரிச் சட்டத்தில் ஆயுள் காப்பீட்டுக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி, கல்விக்கடன் வட்டிக்கான 80இ பிரிவுகளைப் படித்துப் பார்த்தால் கழிவுக்கு அடிப்படை பணம் 'செலுத்தப்பட்டது' என்பதுதான். ரசீது இருந்தால்தான் கழிவு என்று அவை சொல்லவில்லை. ரசீது என்பது செலுத்தியதற்கு ஒரு சாட்சி. அது தொலைந்தால் வேறு சாட்சிகளை வரிசையாக நிறுத்தலாம். ஆனால் அந்த வரிசையில் ஒரு கண்ணி விடுபட்டால், கையில் ரசீது இருந்தும் கழிவு போய்விடும்.

வந்திருப்பது எந்த நோட்டீஸ் என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ரிட்டர்ன் போட்ட சில வாரங்களில் பெங்களூருவில் உள்ள மத்திய செயலாக்க மையத்திலிருந்து 143(1)(ஏ) பிரிவின் கீழ் ஒரு திருத்த முன்மொழிவு வரலாம். அது கணினி செய்யும் வேலை. ரிட்டர்னோடு ரசீது எதையும் இணைக்கும் வழக்கமே இல்லை என்பதால், ரசீது இல்லை என்று அங்கே கழிவை வெட்ட முடியாது. உச்சவரம்பைத் தாண்டியது, புதிய வரிமுறையைத் தேர்ந்துவிட்டு பழைய வரிமுறையின் கழிவைக் கேட்டது போல ரிட்டர்னிலேயே தெரியும் தவறுதான் அங்கே காரணமாக இருக்கும். பதில் சொல்ல 30 நாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிவு செய்வதோடு முடிந்துவிடும்.

ரசீது கேட்பது ஆய்வு மதிப்பீட்டில்தான். முதலில் 143(2) நோட்டீஸ் வரும். பிறகு 142(1)இன் கீழ் கேள்விப் பட்டியல். அதற்குப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ, இன்னின்ன கழிவுகளை ஏன் மறுக்கக்கூடாது என்று காரணம் கேட்கும் நோட்டீஸ் வரும். ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 3 மாதத்துக்குள் 143(2) நோட்டீஸ் வந்து சேர்ந்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் போட்ட ரிட்டர்னுக்கு 2025 ஜூன் 30 கடைசி நாள். இந்தத் தேதியை முதலில் சரிபாருங்கள். தாமதமாக வந்திருந்தால் அதுவே தனி ஆட்சேபம். நோட்டீஸில் உள்ள ஆவண அடையாள எண்ணை incometax.gov.in தளத்தில் உள்நுழையாமலேயே சரிபார்க்கலாம். மின்னஞ்சலில் வரும் போலி நோட்டீஸ்களைக் கண்டுபிடிக்க இதுவே நேர்வழி.

சம்பளக்காரர்களுக்கு இந்தத் தொல்லை தொடங்கும் இடம் பெரும்பாலும் அலுவலகம்தான். ஜனவரி, பிப்ரவரியில் கணக்குப் பிரிவு ரசீது கேட்கும்போது கொடுக்கவில்லை; படிவம் 16இல் அந்தக் கழிவு ஏறவில்லை; ரிட்டர்னில் சேர்த்து ரீஃபண்ட் வாங்கியாகிவிட்டது. இதில் சட்டப்படி தவறு ஏதும் இல்லை. அலுவலகத்தில் காட்டாத கழிவை ரிட்டர்னில் கேட்கலாம். ஆனால் படிவம் 16க்கும் ரிட்டர்னுக்கும் உள்ள இடைவெளியும் பெரிய ரீஃபண்டும் துறையின் கண்ணில் படும்.

இனி ஒரு உதாரணக் கணக்கு. 2023-24 நிதியாண்டு, அதாவது 2024-25 மதிப்பீட்டு ஆண்டு. பழைய வரிமுறை. கழிவுகள் போக வரிக்குரிய வருமானம் 9,00,000 ரூபாய். 80சியில் பி.எஃப். 1,20,000, ஆயுள் காப்பீட்டு பிரீமியம் 48,000, மொத்தம் 1,68,000; உச்சவரம்பால் கிடைத்தது 1,50,000. 80டியில் 60 வயது தாண்டிய பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டுக்கு 38,400. 80இயில் தன் மேற்படிப்புக் கடனின் வட்டி 1,33,200. படிவம் 16இல் பி.எஃப். மட்டுமே இருந்தது. மற்றவற்றை ரிட்டர்னில் சேர்த்ததால் ஏறத்தாழ 52,500 ரூபாய் ரீஃபண்ட் வந்தது. இப்போது நோட்டீஸ், 48,000 + 38,400 + 1,33,200 = 2,19,600 ரூபாயை வருமானத்தில் சேர்க்கப்போவதாகச் சொல்கிறது. அப்படிச் சேர்த்தால் வரி, 4 சதவீத செஸ் உட்பட, சுமார் 58,100 ரூபாய் கூடும்.

ரீஃபண்டாகத் தந்ததே 52,500. திருப்பிக் கேட்பது 58,100. இந்த முரண்பாட்டைக் கண்டதுமே நோட்டீஸின் கூட்டலைச் சந்தேகப்பட வேண்டும். தவறு 80சியில் இருக்கிறது. ஆயுள் காப்பீட்டை முழுதாக மறுத்தாலும் பி.எஃப். 1,20,000 நிற்கிறது. எனவே குறைவது 1,50,000க்கும் 1,20,000க்கும் உள்ள வித்தியாசமான 30,000தான், 48,000 அல்ல. ரசீதைப் பற்றிப் பேசும் முன்பே பதிலின் முதல் பத்தியில் இதை எழுதிவிடலாம். ஒவ்வொரு இனமாக மறுத்துக் கூட்டும்போது உச்சவரம்பை மறப்பது வழக்கமான பிழை. அடுத்து மூன்று கழிவுகளையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஆயுள் காப்பீட்டில் நிரூபிக்க வேண்டியவை: பாலிசி யார் உயிர் மேல், பிரீமியம் எவ்வளவு, யார் கணக்கிலிருந்து எந்தத் தேதியில் போனது. தனி ரசீதுகள் தொலைந்திருந்தால் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தளத்திலிருந்து அந்த நிதியாண்டுக்கான பிரீமியம் செலுத்திய சான்றை இறக்கிக்கொள்ளலாம். எல்.ஐ.சி. போன்ற நிறுவனங்களின் தளத்தில் பாலிசிகள் அனைத்துக்கும் சேர்த்து ஒரே தாளாகவே கிடைக்கும். கிளை அலுவலகத்தில் கேட்டும் வாங்கலாம். அதோடு பாலிசியின் முதல் பக்கம், வங்கி ஸ்டேட்மென்டில் அந்தப் பற்று வரிகள். 80சியில் ஆயுள் காப்பீடு தனக்கு, துணைக்கு, பிள்ளைகளுக்கு மட்டும்தான். அப்பா பெயரில் உள்ள ஆயுள் பாலிசிக்குக் கட்டிய பிரீமியத்துக்கு எத்தனை ரசீது வைத்தாலும் கழிவு கிடையாது. 2012 ஏப்ரலுக்குப் பிந்தைய பாலிசியானால், பொதுவாகக் காப்பீட்டுத் தொகையில் 10 சதவீதம் வரையிலான பிரீமியத்துக்கே கழிவு. முதல் பக்கத்தில் காப்பீட்டுத் தொகை இருப்பதால் அதை மதிப்பீட்டு அலுவலர் பார்த்துவிடுவார். முந்திக்கொண்டு நீங்கள் பார்த்துவிடுவது நல்லது.

நம் உதாரணத்தில் காலாண்டுக்கு 12,000 வீதம் நான்கு தவணை. நிறுவனத்தின் சான்றை இறக்கிப் பார்த்தால் மூன்றுதான் 2023-24க்குள் வருகிறது. மார்ச் 28க்குரிய கடைசித் தவணை, சலுகை நாள்களில், 2024 ஏப்ரல் 2 அன்று கட்டப்பட்டிருக்கிறது. பாலிசி உயிரோடுதான் இருக்கிறது, ஆனால் கழிவுக்குக் கணக்கு செலுத்திய தேதி. அந்த 12,000 அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இதை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. 1,20,000 + 36,000 = 1,56,000; அதுவும் உச்சவரம்புக்கு மேல்தான். கழிவு 1,50,000 ரூபாயில் ஒரு பைசா குறையவில்லை. பதிலில் நான்காம் தவணையை நாமே விட்டுக்கொடுத்து இந்தக் கூட்டலைக் காட்டினால், மற்ற இரண்டு இனங்களிலும் நம் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

மருத்துவக் காப்பீட்டில் சிக்கல் வேறு. பாலிசியை முன்மொழிந்தவர் அப்பா. நிறுவனம் தரும் 80டி சான்று அவர் பெயரில் வரும். கழிவு கேட்பவர் மகளோ மகனோ. பெற்றோர் பிள்ளைகளைச் சார்ந்து வாழ வேண்டும் என்ற நிபந்தனை 80டியில் இல்லை. பிள்ளை தன் பணத்திலிருந்து, ரொக்கம் அல்லாத வழியில் செலுத்தியிருக்க வேண்டும் என்பதே முக்கியம். ஆகவே சான்று மட்டும் போதாது. எந்தக் கிரெடிட் கார்டிலிருந்தோ வங்கிக் கணக்கிலிருந்தோ போனதோ அந்த ஸ்டேட்மென்ட் வேண்டும். சான்றில் உள்ள தொகையும் தேதியும் ஸ்டேட்மென்டின் வரியோடு பொருந்த வேண்டும், அட்டை அந்தப் பிள்ளையின் பெயரில் இருக்க வேண்டும். உறவுக்கு ஆதாரமாக, பெற்றோர் பெயர் உள்ள பாஸ்போர்ட் பக்கமோ பான் விவரமோ போதும். வயதுக்கு ஒரு சான்று: 60 நிரம்பியிருந்தால் வரம்பு 50,000, இல்லாவிட்டால் 25,000. 38,400க்கு இது தீர்மானமான விஷயம்.

அப்பாவின் கணக்கிலிருந்து பிரீமியம் போய், பிள்ளை பிற்பாடு அவருக்குப் பணம் அனுப்பியிருந்தால் வழக்கு பலவீனமாகிவிடும். அனுப்பிய தொகையும் நாளும் பிரீமியத்தோடு ஒட்டிப் பொருந்தினால் ஓரளவு வாதாடலாம். மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தைக் காட்டி இதுதான் அது என்றால் எடுபடாது. ஏஜென்ட்டிடம் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் 80டியில் பேச்சுக்கே இடமில்லை. ரொக்கத்துக்கு விலக்கு 5,000 ரூபாய் வரையிலான முன்தடுப்புப் பரிசோதனைக்கு மட்டுமே. இரண்டு, மூன்று ஆண்டுக்கான பிரீமியத்தை மொத்தமாகக் கட்டியிருந்தால், ஒவ்வொரு ஆண்டுக்கும் பங்கிட்ட தொகைதான் கழிவு.

கல்விக்கடன்தான் உண்மையில் ஆபத்தான இனம். காரணம், 80இக்கு உச்சவரம்பே இல்லை, தொகை பெரிது. பெரும்பாலோர் வங்கி தந்த வட்டிச் சான்றை அப்படியே இணைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். அந்தத் தாளின் தலைப்பைக் கவனிக்க வேண்டும். 'விதிக்கப்பட்ட வட்டி' என்று சில சான்றுகள் சொல்லும். 'செலுத்தப்பட்ட வட்டி' என்று சில சொல்லும். சில எதையும் தெளிவாகச் சொல்லாமல் ஆண்டு வட்டி என்று ஒரு எண்ணைத் தரும். சட்டம் கேட்பது செலுத்திய வட்டி, அதுவும் வரிக்குரிய வருமானத்திலிருந்து செலுத்தியது. படிப்புக் காலத்திலும் அதன் பிறகான தவணை விலக்குக் காலத்திலும் வங்கி மாதாமாதம் வட்டியைக் கணக்கில் பற்று எழுதிக்கொண்டே போகும். யாரும் கட்டாவிட்டால் அது கடனோடு சேரும். கட்டாத வட்டிக்குக் கழிவு இல்லை.

எனவே சான்றோடு கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்டையும் வாங்கி, வரவுப் பத்தியை எடுத்துப் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் சான்று சொல்லும் 1,33,200 என்பது பன்னிரண்டு மாதமும் விதித்த வட்டி. இஎம்ஐ தொடங்கியது 2023 ஆகஸ்டில். 16,000 வீதம் எட்டு தவணை, 1,28,000 ரூபாய் கட்டியாயிற்று. செலுத்திய மொத்தமே 1,28,000 எனும்போது அதைவிடக் கூடுதலான வட்டி கழிவாக முடியாது என்பது பார்த்ததும் தெரியும். தவணை அட்டவணையில் பிரித்துப் பார்த்தால் அதில் வட்டி 89,500, அசல் 38,500. ஏப்ரல் முதல் ஜூலை வரை விதித்து, கட்டாமல் கடனில் சேர்ந்தது 43,700. ஆகக் கழிவு 89,500தான். மீதி 43,700ஐ விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வங்கி அசலாக வரவு வைத்த பணத்தை வட்டி என்று வாதாடுவது கடினம்.

இந்த இனத்துக்கு இன்னும் இரண்டு தாள்கள் தேவைப்படும். ஒன்று, கடன் அனுமதிக் கடிதம். கடன் கொடுத்தது வங்கியா, அரசு அறிவித்த நிதி நிறுவனமா, அங்கீகரித்த அறக்கட்டளையா என்பதும், கடனாளிகள் யார் யார் என்பதும் அதில் இருக்கும். கடன் மகன் பெயரில் மட்டும் இருந்து அப்பா தவணை கட்டினால் அப்பாவுக்குக் கழிவு கிடையாது. அவர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருக்க வேண்டும். மற்றொன்று, பிளஸ் டூவுக்குப் பிந்தைய படிப்பு என்பதைக் காட்டும் சேர்க்கைக் கடிதம். வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டையும் சேர்த்து எட்டு ஆண்டுகளுக்கே கழிவு என்பதால், முதல் வட்டி எப்போது கட்டினோம் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும். படிக்கும்போதே அப்பா சிறு தொகையாக வட்டி கட்டிக் கழிவு எடுத்திருந்தால், அவரைப் பொறுத்தவரை எட்டாண்டுக் கணக்கு அன்றே தொடங்கிவிட்டது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பதிலை எழுதலாம். ஆய்வு முகமற்ற முறையில் நடப்பதால் அலுவலர் எந்த ஊரிலும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதுவதே நடைமுறை. நீண்ட மனுவோ சட்டத் தீர்ப்புகளின் அடுக்கோ வேண்டாம். முதல் பத்தியில் நோட்டீஸின் எண், தேதி, மதிப்பீட்டு ஆண்டு, உச்சவரம்புக் கூட்டல் பிழை. பிறகு ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு சிறு அட்டவணை: செலுத்திய தேதி, தொகை, எந்தக் கணக்கு, வங்கி ஸ்டேட்மென்டின் எந்தப் பக்கம், நிறுவனச் சான்றின் எந்த வரி. ஸ்டேட்மென்டில் அந்த வரிகளை வண்ணமிட்டு, ஓரத்தில் அட்டவணையின் வரிசை எண்ணைக் குறித்துவிட்டால் படிப்பவருக்குத் தேடும் வேலை இல்லை. பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்டைக் குறிப்பே இல்லாமல் ஏற்றி வைப்பதும் ஏற்றாமல் இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அசல் ரசீது ஏன் இல்லை என்பதற்கு ஒரு வாக்கியம் போதும். கடைசிப் பத்தியில் விட்டுக்கொடுக்கும் 43,700ஐயும், அது எப்படி வந்தது என்பதையும் எழுதுங்கள். வங்கிச் சான்று விதித்த வட்டியையே காட்டியது, அதை நம்பிக் கேட்டோம், முழு விவரமும் இதோ என்று சொல்வது முக்கியம்.

அந்தக் கடைசிப் பத்திக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், அடுத்து வரக்கூடிய அபராதம் அதில்தான் தீர்மானமாகிறது. 270ஏ பிரிவில் வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீதம். தவறாகக் காட்டியதற்கு 200 சதவீதம். நல்லெண்ணத்தோடு கேட்டோம், எல்லா விவரத்தையும் வெளிப்படுத்தினோம் என்று அலுவலர் ஏற்றால் அபராதமே இல்லை என்று அதே பிரிவு விலக்கும் தருகிறது. ஆணைக்குப் பிறகு சொல்வதைவிட ஆணைக்கு முன் சொன்ன விளக்கத்துக்கு எடை அதிகம். மாறாக, ஏஜென்ட் ஒருவரைப் பிடித்துப் பழைய தேதி போட்ட ரசீது வாங்கி இணைத்தால் 50 சதவீத வழக்கு 200 சதவீதமாகிவிடும். 133(6)இன் கீழ் காப்பீட்டு நிறுவனத்திடமே, வங்கியிடமே விவரம் கேட்க அலுவலருக்கு அதிகாரம் உண்டு. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போது புதுப்பித்த ரிட்டர்ன் போட்டுச் சரிசெய்துவிடலாம் என்ற யோசனையும் செல்லாது. அந்த ஆண்டுக்கான கதவு அப்போது மூடியிருக்கும்.

தளத்தில் Pending Actions பகுதியில் e-Proceedings, அதில் நோட்டீஸைத் திறந்து Submit Response. பதில் பகுதியளவா முழுதா என்று கேட்கும். வங்கியிலிருந்து ஒரு தாள் இன்னும் வரவேண்டியிருந்தால் Partial Response தேர்ந்து, கையில் உள்ளதை முதலில் ஏற்றிவிடுவது பாதுகாப்பு. முழுப் பதில் என்று தேர்ந்துவிட்டால் பிறகு சேர்க்க வழி இருக்காது. நோட்டீஸில் நாள் மட்டுமல்ல, நேரமும் போட்டிருக்கும். அதற்குள் முடியாது என்றால் அதே திரையில் அவகாசம் கேட்கலாம். கேட்டதற்கான காரணமாக வங்கிக்கு அனுப்பிய மின்னஞ்சலின் நகலை இணைப்பது உதவும். முன்மொழிவை எதிர்க்கும்போது காணொளி வழி விசாரணையும் கேட்கலாம். நம் உதாரணம் போன்ற தாள் வழக்குக்கு அது அவசியமில்லை. ஒன்றுமே பதில் சொல்லாவிட்டால், 144இன் கீழ் தன் முடிவுப்படி அலுவலர் மதிப்பிடுவார், 10,000 ரூபாய் அபராதத்துக்கும் வாய்ப்புண்டு.

பதில் ஏற்கப்பட்டால் வருமானம் 9,43,700 ஆகும். கூடுதல் வரி செஸ்ஸோடு 9,090 ரூபாய். ஏற்கெனவே ரீஃபண்ட் வாங்கிவிட்டதால், திருப்பித் தரவேண்டிய பகுதிக்கு 234டியின்படி மாதம் அரை சதவீத வட்டியும் சேரும். ஆணை வந்ததும் அதோடு வரும் கணக்கீட்டுத் தாளை வரி வரியாகப் பாருங்கள். ஆணையில் 80சியை ஏற்றுவிட்டு, கணக்கீட்டில் 1,20,000 என்றே விட்டிருந்தால் அது பார்த்ததும் தெரியும் பிழை. 154இன் கீழ் திருத்தம் கேட்டால் போதும், ஆணை பிறந்த நிதியாண்டு முடிவிலிருந்து நான்கு ஆண்டு அவகாசம். ஆதாரத்தைப் பார்த்தும் ஏற்காவிட்டால் திருத்த மனு பயன்படாது. படிவம் 35இல், 30 நாளுக்குள் வருமான வரி மேல்முறையீட்டு ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். வருமானம் 2 லட்சத்துக்கு மேல் என்பதால் கட்டணம் 1,000 ரூபாய். வரிக் கோரிக்கையில் 20 சதவீதம் கட்டினால் மீதியை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைக்கக் கேட்கலாம். அந்த 30 நாளைத் திருத்த மனுவின் முடிவுக்காகக் காத்திருந்து கழித்துவிடாமல், சந்தேகம் இருந்தால் இரண்டையும் சேர்த்தே போட்டுவிட வேண்டும்.